ஓட்டப்படம் கணக்கு இடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

சிஸ்டமேட்டிக் ரிவ்யூ எனப்படும் முறைசார் மீளாய்வில், எத்தனை கட்டுரைகள் கிடைத்தன, எத்தனை தள்ளப்பட்டன, எத்தனை நின்றன என்று கட்டம் கட்டமாகக் காட்டும் தேர்வு ஓட்டப்படம் கணக்கு இடித்தால், முதலில் தேடல் குறிப்பேட்டைத் திறக்க வேண்டும். ஆனால் மாணவர்கள் படத்தைத்தான் திருத்துகிறார்கள். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அடுத்த கட்டம் இடிக்கும். அதையும் மாற்றினால் நெறியாளர் வேறொன்றைச் சுட்டிக் காட்டுவார். காரைக்குடியில் ஆய்வு மாணவர்களுக்குத் தேடல் வேலையில் உதவிவரும் எனக்கு இந்தச் சுற்று பழகிப்போனது. ஆகவே, எந்த அறிகுறி தெரிந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்ற வரிசையில் எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஆய்வைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் உடற்கல்வி மாணவி ஒருவர், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு யோகப் பயிற்சி தருவதால் இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு குறைகிறதா என்று பார்க்கிறார். சமவாய்ப்பு முறையில் பிரித்த கட்டுப்பாட்டு ஆய்வுகளை மட்டும் எடுக்கிறார். எண்கள் வழிமுறையை விளக்குவதற்காக நானே வைத்தவை; அவற்றை மருத்துவச் செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவர் கொண்டுவரும் படத்தில் மேலிருந்து கீழாக இப்படி இருக்கிறது: கண்டெடுத்தவை 1503. இரட்டைப் பதிவு நீக்கம் 498. தலைப்பும் சுருக்கமும் பார்த்துச் சலித்தவை 953. தலைப்பிலேயே தள்ளியவை 861. முழுக் கட்டுரை படித்தவை 92. அதில் தள்ளியவை 75, காரணங்களோடு. கடைசியில் சேர்த்தவை 16. சலித்ததில் தள்ளியதைக் கழிப்பதைத் தவிர வேறெந்தக் கழித்தலும் ஒழுங்காக வரவில்லை. ஆனால் வேலையை அவர் நேர்மையாகத்தான் செய்திருக்கிறார். எல்லாத் தகவலும் அவருடைய நோட்டில் இருக்கிறது. உட்கார வேண்டிய இடத்தில் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் மூன்று அலகுகள்

முறைசார் மீளாய்வை எப்படி அறிக்கையிடுவது என்று சொல்லும், 2021-இல் வெளியான பிரிஸ்மா 2020 வழிகாட்டி மூன்று அலகுகளில் எண்ணச் சொல்கிறது. தரவுத்தளத்தில் கிடைக்கும் தலைப்பும் சுருக்கமும் சேர்ந்தது ஒரு பதிவு. கையில் எடுத்துப் படிக்கக்கூடிய கட்டுரை, மாநாட்டுச் சுருக்கம், பதிவக முடிவு போன்ற ஆவணம் ஓர் அறிக்கை. மனிதர்களைச் சேர்த்துப் பயிற்சி தந்து அளந்த அந்த முயற்சி ஓர் ஆய்வு. படத்தின் மேல்பகுதி பதிவுகளை எண்ணுகிறது. நடுவில் அறிக்கைகளுக்கு மாறுகிறது. அடியில் ஆய்வுகள், அறிக்கைகள் என இரண்டு எண்களையும் கேட்கிறது. கழித்தல் அலகு மாறாத வரையில்தான் செல்லும்.

அறிகுறி: மேல் கட்டத்தின் கூட்டுத்தொகை, கோப்புகளில் இருக்கும் பதிவுகளைவிட அதிகம்

மாணவியின் நோட்டில் தரவுத்தளங்களான பப்மெட் 423, சென்ட்ரல் 388, ஸ்கோபஸ் 655, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகமான சிடிஆர்ஐ 37 என்று இருக்கிறது. கூட்டினால் 1503. நோட்டை மூடி வைத்துவிட்டு, இறக்கி வைத்த கோப்புகளை எண்ணச் சொன்னேன். திரையில் பார்த்து எழுதிய எண் சாட்சி சொல்லாது. சேமித்த கோப்பு சொல்லும். பப்மெட் கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு `PMID-` வரி உண்டு. ஆர்ஐஎஸ் வகைக் கோப்பில் ஒவ்வொரு பதிவும் `TY  -` வரியில் தொடங்கும். இவற்றை எண்ணினால் போதும்:

```
grep -c "^PMID-" pubmed.nbib
grep -c "^TY  -" scopus.ris
```

கட்டளை அடிக்கத் தயங்குபவர்கள் கோப்பை நோட்பேடில் திறந்து அதே எழுத்துகளைத் தேடி எண்ணிக்கொள்ளலாம். ஸ்கோபஸ் 655, சரி. பப்மெட் 412 தான். வித்தியாசம் 11.

கணக்கு எழுதுபவர்களின் வித்தை ஒன்று இங்கே கைகொடுக்கும். ஐந்தொகை நேராகவில்லை என்றால், வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்: 498-ஐ 489 என்று எழுதினால் 9 குறையும், 655-ஐ 565 என்று எழுதினால் 90 குறையும். 11 ஒன்பதால் வகுபடாது. அதனால் இலக்கம் இடம் மாறியதா என்று தேடி நேரம் போக்காமல், அந்த 11 பதிவுகள் எங்கேயோ உண்மையாகவே இருக்கின்றன என்று வைத்துத் தேட வேண்டும்.

நோட்டின் அடுத்த வரியில் சிறிய எழுத்தில் "இங்கிலீஷ் மட்டும்" என்று இருந்தது. தேடியதும் 423 என்று திரையில் வந்திருக்கிறது, அதை எழுதிக்கொண்டார். பிறகு மொழி வடிகட்டியைப் போட்டு, குறைந்த பட்டியலை இறக்கியிருக்கிறார். எனவே கண்டெடுத்த எண் 412. அந்த 11 படத்தில் எங்கும் வரக் கூடாது. ஆனால் மொழிக் கட்டுப்பாடு போட்டதைப் பிரிஸ்மாவின் சரிபார்ப்புப் பட்டியலின் 7ஆம் இனத்தில், தேடல் உத்தியோடு சேர்த்து எழுதியாக வேண்டும். என் கருத்தைக் கேட்டால், வடிகட்டியை எடுத்துவிட்டு மீண்டும் இறக்கி, பிற மொழிக் கட்டுரைகளைச் சலிக்கும்போது காரணம் சொல்லித் தள்ளுவது நல்லது. அப்போது எத்தனை போயின என்பது வாசகருக்குத் தெரியும். மாணவிக்கு நேரமில்லை, வடிகட்டியை அப்படியே விட்டு எழுதிவிட்டார். அதுவும் தவறில்லை, மறைக்காத வரை.

மேல் கட்டம் இப்போது: தரவுத்தளங்கள் 1455, பதிவகம் 37, மொத்தம் 1492. இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். மாதிரிப் படத்திலேயே இரண்டு வரிகள் உண்டு. ஒவ்வொரு தளத்துக்கும் தனி எண் தந்தால் இன்னும் நல்லது.

அறிகுறி: அதே தேடலை இன்று ஓட்டினால் வேறு எண் வருகிறது

இதைக் கண்டு பதற வேண்டாம். பப்மெட்டில் நாள்தோறும் பதிவுகள் சேர்கின்றன. பழைய பதிவுகளுக்கும் பொருள் தலைப்புகள் பின்னால் ஏறுகின்றன. தேடல் சரியாகவே இருந்தாலும் எண் மாறும். செய்யக் கூடாதது ஒன்றுதான்: இன்றைய எண்ணைப் பழைய கோப்பின் மேல் எழுதுவது. கோப்பின் பெயரிலேயே தேடிய தேதியை வைத்துக்கொண்டால் பிரச்சினை முளைக்காது. தேதியைக் குறிக்காமல் போனவர்களுக்கு இறக்கிய கோப்பின் பண்புகளில் உருவான நாள் பெரும்பாலும் கிடைக்கும். பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், தேடலோடு பதிவு உருவான தேதியைச் சேர்க்கலாம்:

```
AND ("1900/01/01"[crdt] : "2024/08/12"[crdt])
```

இதுவும் கிட்டத்தட்டத்தான் வரும்; அச்சாகப் பொருந்தாது. ஐந்தாறு வித்தியாசத்தைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். நூற்றுக்கணக்கில் வித்தியாசம் வந்தால் அடைப்புக்குறி ஒன்று விடுபட்டிருக்கும், அல்லது `OR` இருக்க வேண்டிய இடத்தில் `AND` இருக்கும்.

அறிகுறி: இரட்டைகளைக் கழித்த பிறகும் சலித்த எண் வரவில்லை

1492-இல் 498 போனால் 994. சலித்தது 953. 41 பதிவுகளைக் காணவில்லை. இரண்டு தளம் பார்த்த எல்லோருக்கும் வருகிற கோளாறு இது. காரணமும் பெரும்பாலும் ஒன்றேதான். இரட்டை நீக்கம் இரண்டு இடங்களில் நடந்திருக்கும். நூற்பதிவுகளைச் சேமிக்கும் ஜொட்டேரோ மென்பொருளில் ஒரு முறை இணைத்துவிட்டு, மிச்சத்தைச் சலிப்பதற்கான ராயனில் ஏற்றுவார்கள்; ராயன் சந்தேகமான இரட்டைகள் என்று இன்னும் சிலவற்றைக் காட்டும்; அவற்றையும் நீக்கிவிட்டுச் சலிக்கத் தொடங்குவார்கள். முதல் நீக்கம் மட்டும் நோட்டில் ஏறும். மாணவியிடம் கேட்டதும், "ஆமாம் சார், ராயன்லயும் கொஞ்சம் எடுத்தேன்" என்றார். அந்தக் கொஞ்சம் 41.

முதல் சுற்றில் இவை ஏன் தப்பின என்று திறந்து பார்த்தோம். பாதிக்கு மேல் நம் ஊர்ப் பெயர்களின் வேலை. தலைப்பெழுத்து ஒரு தளத்தில் குடும்பப் பெயராகிவிடுகிறது. மீனாட்சிசுந்தரம் ஒன்றில் ஒரே சொல், இன்னொன்றில் மீனாட்சி முதற்பெயர், சுந்தரம் குடும்பப் பெயர். தலைப்பு ஒத்துப்போனாலும் ஆசிரியர் பட்டியல் வேறாகத் தெரிந்தால் மென்பொருள் இரண்டையும் வேறு என்றே நினைக்கும். இந்திய ஆய்வுகள் நிறைய வரும் தலைப்பில், மென்பொருள் காட்டும் இரட்டைகளோடு நின்றுவிடாமல், தலைப்பை அகர வரிசையில் அடுக்கிக் கண்ணால் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது அவசியம். ஆயிரம் பதிவுக்கு அரை நாள் பிடிக்கும்.

சென்ட்ரலில் இரட்டைகள் அதிகமாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அது பப்மெட்டிலிருந்தும் ஆய்வுப் பதிவகங்களிலிருந்தும் பதிவுகளை எடுத்துத் தொகுப்பது.

சரியான எண்: 498-உம் 41-உம் சேர்த்து 539. இரண்டு நீக்கமும் சலிப்புக்கு முன்னால் நடந்தவை, ஆகவே ஒரே கட்டத்தில் சேரும். 1492 − 539 = 953. நேரானது. எந்த மென்பொருளில் எப்படி நீக்கினீர்கள் என்பதை வழிமுறைப் பகுதியில் ஒரு வாக்கியமாக எழுதிவிடுங்கள். தேடலை அறிக்கையிடுவதற்கென்றே உள்ள 16 இனங்கள் கொண்ட பிரிஸ்மா-எஸ் பட்டியலின் கடைசி இனம் அதைத்தான் கேட்கிறது.

அடிப்படைக் கோளாறு: அழித்துக்கொண்டே போகும் பழக்கம்

இனி வரும் அறிகுறிகளைத் தனித்தனியே தைக்கும் முன், நோட்டை ஒரே விரிதாளாக மாற்றிக்கொள்வது நல்லது. ஒரு பதிவுக்கு ஒரு வரி. எந்த வரியையும் அழிக்கக் கூடாது. அதன் கதி என்ன ஆயிற்று என்று ஓர் எழுத்துக் குறி மட்டும் போட வேண்டும். இரட்டை என்றால் `D`, தலைப்பு–சுருக்கத்தில் தள்ளினால் `T`, முழுக் கட்டுரை கிடைக்காவிட்டால் `N`, படித்த பிறகு தள்ளினால் `F`, சேர்த்தால் `I`. ஒரு வரிக்கு ஒரே குறி. குறி இல்லாத வரி இருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

"அழித்ததை எங்கே போய்த் தேடுவது?" என்று கேட்பார்கள். ஜொட்டேரோவில் இணைக்கும்போது ஒன்று நிற்கும், மற்றவை குப்பைக்குப் போகும். ஆகவே இணைப்பதற்கு முன் ஒரு முறையும் இணைத்த பின் ஒரு முறையும் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் முதல் பத்தி `Key`. முன்பு இருந்து பின்பு இல்லாதவற்றுக்கு `D` போட இந்த ஒரு சூத்திரம் போதும். `After` என்பது இரண்டாவது தாளின் பெயர்:

```
=IF(COUNTIF(After!A:A,A2)=0,"D","")
```

ஏற்கெனவே அழித்துவிட்டவர்கள் குப்பையைக் காலி செய்யாமல் இருந்தால் தப்பித்தார்கள். காலி செய்திருந்தால், முதலில் இறக்கிய கோப்புகளைப் புதிய நூலகத்தில் ஏற்றி மறுபடி இணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் மூலக் கோப்புகளை எந்தக் காலத்திலும் தொடக் கூடாது.

`F` பத்தியில் எங்கிருந்து வந்தது என்பதையும் (`DB`, `REG`, நூற்பட்டியலிலிருந்து என்றால் `CIT`), `G` பத்தியில் கதியையும், `H` பத்தியில் தள்ளிய காரணத்தை `R1`, `R2` என்ற குறியாகவும், `I` பத்தியில் ஆய்வு எண்ணையும் வைத்தால், படத்தின் கட்டங்கள் தாமாக நிரம்பும்:

```
=COUNTIFS(F:F,"<>CIT",G:G,"D")
=COUNTIFS(F:F,"<>CIT",G:G,"F",H:H,"R1")
```

மாணவியின் தாளில் நூற்பட்டியல் வரிகளை விட்டுக் கணக்கிட்டால் `D` 539, `T` 861, `N` 5, `F` 68, `I` 19. கூட்டினால் 1492. இந்தக் கூட்டல் நேராகிவிட்டால், தரவுத்தளம், பதிவகம் வழியே வந்தவற்றைக் காட்டும் படத்தின் இடப்பக்கம் நேராகிவிட்டது.

அறிகுறி: தள்ளிய காரணங்களின் கூட்டுத்தொகை, தள்ளிய அறிக்கைகளைவிட அதிகம்

மாணவி காரணங்களை எழுதியிருந்தது இப்படி: பங்கேற்பாளர் பொருந்தவில்லை 21, சமவாய்ப்புக் கட்டுப்பாடு இல்லை 19, யோகத்தோடு வேறு சிகிச்சையும் கலந்திருக்கிறது 17, எச்பிஏ1சி அளக்கவில்லை 18. மொத்தம் 75. ஆனால் தாளில் `F` குறி உள்ள வரிகள் 68 தான். ஏழு கட்டுரைகளுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன, இரண்டையும் எண்ணிவிட்டார்.

காரணங்களுக்கு ஒரு வரிசை வைப்பதுதான் தீர்வு. பங்கேற்பாளர், ஆய்வு அமைப்பு, பயிற்சி, அளவீடு என்ற வரிசையில் பார்த்து, முதலில் எது இடறுகிறதோ அதையே காரணமாகக் குறிக்க வேண்டும். வரிசையைச் சலிப்புத் தொடங்கும் முன்பே இரண்டு மதிப்பாய்வாளர்களும் ஒப்புக்கொண்டு எழுதிவைத்தால், காரணத்தைப் பற்றிய வாக்குவாதமும் பாதி குறையும். வரிசைப்படி மறுபடி குறித்ததும் 21, 18, 15, 14 என்று வந்தது. கூட்டினால் 68. இரண்டாவது காரணத்தை வீணாக்க வேண்டாம். பக்கத்துப் பத்தியில் இருக்கட்டும், படத்துக்கு மட்டும் அது போகாது.

இதன் எதிர்ப்பக்கம்: காரணங்களின் கூட்டு குறைவாக வந்தால், எங்கோ `F` போட்டுக் காரணம் எழுதாத வரி இருக்கிறது. வடிகட்டினால் நொடியில் தெரியும். "மற்றவை" என்று ஒரு காரணம் பெரிதாக நின்றாலும் இதே நோய்தான்.

அறிகுறி: "முழுக் கட்டுரை கிடைக்கவில்லை" என்பது தள்ளிய காரணமாக நிற்கிறது

2009-ஆம் ஆண்டின் பழைய மாதிரியைப் பார்த்து வரைந்தவர்களிடம் இது அடிக்கடி தெரியும். பிரிஸ்மா 2020 இதற்குத் தனிக் கட்டம் தந்திருக்கிறது: பெற முயன்றவை 92, கிடைக்காதவை 5, படித்தவை 87. மாணவி 92-ஐயே படித்ததாகப் போட்டிருந்தார். கிடைக்காத கட்டுரையைத் தள்ளிவிட்டோம் என்று சொன்னால், படித்துப் பார்த்துப் பொருந்தவில்லை என்று வாசகர் நினைப்பார். உண்மையில் அது பொருந்தியும் இருக்கலாம். இந்த ஐந்துக்கும் ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பிய தேதியைத் தாளில் குறித்து வையுங்கள். தேர்வாளர் கேட்பார்.

அறிகுறி: கடைசிக் கட்டத்தில் சில கட்டுரைகள் மாயமாகிவிட்டன

படத்திலேயே நுட்பமான இடம் இதுதான். 87-இல் 68 போனால் 19. நூற்பட்டியல்களைத் துழாவியதில் இன்னும் 3 கிடைத்தன. 22 இருக்க வேண்டும். மாணவி போட்டது 16. ஆறு கட்டுரைகளை "திரும்ப வந்தவை" என்று அழித்துவிட்டேன் என்றார்.

அவை திரும்ப வந்தவை அல்ல. ஒரே ஆய்வின் மூன்று மாத முடிவு ஒரு சஞ்சிகையிலும், ஆறு மாத முடிவு இன்னொரு சஞ்சிகையிலும் வந்திருக்கிறது. ஒன்றில் எச்பிஏ1சி, மற்றதில் இரத்த அழுத்தமும் எடையும். பதிவு இரட்டை என்றால் அதே கட்டுரை இரண்டு தளங்களில் கிடைப்பது. இங்கே கட்டுரைகள் வேறு, ஆய்வு ஒன்று. அழித்தால் ஆறு மாத முடிவு கையைவிட்டுப் போகும். அழிக்காமல் இரண்டையும் தனி ஆய்வாக எண்ணினால், பின்னால் மெட்டா பகுப்பாய்வில் அதே நோயாளிகள் இரண்டு முறை எடைபோடப்படுவார்கள். இரண்டுமே கேடு.

ஒரே ஆய்வா என்று கண்டுபிடிக்க முதலில் பதிவக எண்ணைப் பாருங்கள். இந்திய ஆய்வென்றால் `CTRI/` என்று தொடங்கும் எண் பெரும்பாலும் வழிமுறைப் பகுதியிலோ கடைசிப் பக்கத்திலோ இருக்கும். எண் ஒன்றானால் பெரும்பாலும் சந்தேகம் தீர்ந்தது. எண் இல்லாவிட்டால் நடத்திய இடம், ஆட்களைச் சேர்த்த மாதங்கள், இரு குழுக்களிலும் இருந்தவர்கள் எண்ணிக்கை, தொடக்கநிலைச் சராசரி வயது, தொடக்கநிலை எச்பிஏ1சி ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மாணவி வைத்திருந்த இரண்டு கட்டுரைகளில் தலைப்பு வேறு, முதல் ஆசிரியர் வேறு, ஆனால் தொடக்கநிலைச் சராசரிகள் தசமப் புள்ளிக்குப் பின்னும் அச்சாக ஒன்றாக இருந்தன. இரண்டு வெவ்வேறு கூட்டத்துக்கு அப்படி அமைவது அபூர்வம். முடிவு செய்ய முடியாதபோது ஆசிரியருக்கு எழுதிக் கேட்பதுதான் வழி.

ஆய்வு எண் பத்தியில் ஒன்றானவற்றுக்கு ஒரே எண் தாருங்கள். பிறகு எத்தனை வெவ்வேறு ஆய்வு எண்கள் என்று எண்ணலாம். புதிய எக்ஸெல்லிலும் கூகுள் தாளிலும் இது வேலை செய்யும்:

```
=COUNTA(UNIQUE(FILTER(I2:I1502,G2:G1502="I")))
```

16 வந்தது. ஆக மாணவியின் 16 ஆய்வுகளின் எண்ணாகச் சரிதான். விட்டது அறிக்கைகளின் எண். கடைசிக் கட்டத்தில் இரண்டு வரிகள்: சேர்த்த ஆய்வுகள் 16, அவற்றின் அறிக்கைகள் 22. ஒரே கட்டுரைக்குள் இரண்டு ஆய்வுகள் அடங்கியிருப்பதும் எப்போதாவது நடக்கும். அப்போது ஆய்வு எண்ணைத் தனித் தாளில் வைத்துக்கொள்ள வேண்டும், இந்தச் சூத்திரம் போதாது.

அறிகுறி: நூற்பட்டியலில் கிடைத்தவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை

வலப்பக்கத்தில். பிரிஸ்மா 2020 தரும் மாதிரிப் படங்களில், தரவுத்தளம், பதிவகம் மட்டும் தேடியவர்களுக்கு ஒன்று, பிற வழிகளிலும் தேடியவர்களுக்கு ஒன்று என்று தனித்தனியே உண்டு. இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாணவி 23 கட்டுரைகளைக் குறித்திருந்தார். அவற்றில் 14 ஏற்கெனவே இடப்பக்கத்தில் இருந்தவை. வலப்பக்கத்தில் இரட்டைகளைக் கழிக்கக் கட்டம் இல்லாததால், புதிதாக வந்த 9-ஐ மட்டும் படத்தில் போட்டு, 23-இல் 14 முன்பே இருந்ததை உரையில் சொல்லிவிடுவது என் வழக்கம். அந்த ஒன்பதில் ஒன்று கிடைக்கவில்லை, எட்டைப் படித்தார், ஐந்தைத் தள்ளினார், மூன்று நின்றது.

இங்கே எண்ணைவிட முக்கியமான இரண்டு சோதனைகள் இருக்கின்றன. முன்பே இருந்த 14-இல் ஏதாவது `T` குறியோடு, அதாவது தலைப்பிலேயே தள்ளப்பட்டு நிற்கிறதா? நின்றால் அதைத் திறந்து படிக்க வேண்டும். பொருந்துகிற ஒன்றைத் தவறித் தள்ளியிருந்தால் அதன் குறி மாறும், இடப்பக்க எண்களும் அதோடு மாறும். அதை வலப்பக்கத்தில் செருகிச் சமாளிக்கக் கூடாது. அடுத்தது, புதிதாகச் சேர்ந்த மூன்றும் தரவுத்தளத்தில் உண்டா என்று பார்ப்பது. மாணவிக்குக் கிடைத்த ஒன்று பப்மெட்டிலேயே இருந்தது. ஏன் சிக்கவில்லை? தலைப்பில் யோகா என்ற சொல்லே இல்லை. பிராணாயாமம் என்று மட்டும் இருந்தது. தேடலில் அந்தச் சொல் இல்லை. இப்படி ஒன்று தெரிந்துவிட்டால் படத்தைத் திருத்திப் பயனில்லை. தேடலில் அந்தச் சொல்லையும் ஆசனப் பெயர்களையும் சேர்த்து மறுபடி ஓட்டி, கூடுதலாக வரும் பதிவுகளை அதே தாளின் அடியில் சேர்த்துச் சலிக்க வேண்டும். மாணவியும் அடுத்த வாரம் அதைச் செய்யத்தான் போகிறார். மேலே உள்ள எண்கள் அதற்கு முந்திய நிலை.

அறிகுறி: சரிபார்ப்புப் பட்டியலில் எல்லா வரியிலும் "ஆம்" இருக்கிறது

27 இனங்கள் கொண்ட அந்தப் பட்டியலின் கடைசிப் பத்தி, செய்தீர்களா என்று கேட்கவில்லை. எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்கிறது. பக்க எண்ணோ பகுதித் தலைப்போ வர வேண்டும். பக்க எண் அச்சுக்குப் போகும்போது மாறும் என்பதால், "வழிமுறை, தேடல், இரண்டாம் பத்தி" என்று எழுதுவது நிலைக்கும். எழுத இடம் கிடைக்காத இனம் எதுவோ, அது உரையில் இல்லை.

எல்லா இனங்களையும் இங்கே பார்க்கப் போவதில்லை. தேடல் குறிப்பிலிருந்து நேரே வருபவை சிலதான், இடறுவதும் அங்கேதான். 6ஆம் இனம் ஒவ்வொரு மூலத்தையும் கடைசியாகத் தேடிய தேதி கேட்கிறது; எல்லாவற்றுக்கும் சேர்த்து "ஆகஸ்ட் மாதம்" என்று எழுதினால் போதாது. 7ஆம் இனம் எல்லாத் தளங்களின் தேடல் வரிகளையும் முழுதாகக் கேட்கிறது. பப்மெட் வரியை மட்டும் பின்னிணைப்பில் போட்டுவிட்டு "மற்றவற்றிலும் இவ்வாறே" என்று முடிப்பது செல்லாது, ஏனெனில் ஸ்கோபஸில் பொருள் தலைப்புக் குறிகள் அப்படியே வேலை செய்யாது. தேடிய அன்றே வரியை நகலெடுத்து ஒட்டிவைத்தவர் இதைப் பத்து நிமிடத்தில் முடிப்பார்.

8ஆம் இனத்தில் எத்தனை பேர் சலித்தார்கள், தனித்தனியாகவா, சேர்ந்தா என்று எழுத வேண்டும். ஒருவரே சலித்திருந்தால் ஒருவரே என்று எழுதுங்கள். பட்டியல் கேட்பது நடந்ததைச் சொல்வதை. ஒருவர் சலித்ததன் குறையைப் பின்னால் வரம்புகள் பகுதியில் பேசிக்கொள்ளலாம். இரண்டு பேர் என்று எழுதிவிட்டு, ராயனில் ஒருவருடைய முடிவுகள் மட்டும் இருப்பதைத் தேர்வாளர் கண்டுபிடித்தால் பேச ஒன்றும் இருக்காது.

16ஆம் இனம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. 16அ என்பது படம். 16ஆ பலர் கண்ணில் படுவதே இல்லை: பார்த்தால் பொருந்துவது போலத் தோன்றி, ஆனால் தள்ளப்பட்ட ஆய்வுகளைப் பெயர் சொல்லிக் காட்டி, காரணமும் சொல்ல வேண்டும். 68-ஐயும் உரைக்குள் அடைக்கத் தேவையில்லை. தலைப்பைப் படித்த எவரும் "இது ஏன் இல்லை?" என்று கேட்கக்கூடியவை எவையோ அவற்றை உரையிலும், முழுப் பட்டியலைப் பின்னிணைப்பிலும் வைத்தால் போதும். விரிதாளில் `F` குறியை வடிகட்டி, தலைப்பு, ஆண்டு, காரணம் என்ற மூன்று பத்திகளை ஒட்டினால் பின்னிணைப்பு தயார்.

24ஆம் இனத்தின் மூன்றாம் பகுதி, பதிவு செய்த திட்டத்திலிருந்து விலகியதைக் கேட்கிறது. மாணவியின் திட்டத்தில் மொழிக் கட்டுப்பாடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. பப்மெட்டில் அன்று போட்ட அந்த வடிகட்டி இங்கேயும் வந்து நிற்கும். பிராணாயாமத்தைச் சேர்த்து மறுபடி தேடுவதும் அப்படியே. இரண்டையும் தேதியோடும் காரணத்தோடும் எழுத வேண்டும்.

அறிகுறி: சமர்ப்பிக்கும் முன் மறுபடி தேடினேன், எந்த மாதிரிப் படம் என்று தெரியவில்லை

புதுப்பித்த மீளாய்வுக்கென்று இருக்கும் மாதிரிப் படத்தை எடுத்துவிடாதீர்கள். அது முன்பே வெளியான மீளாய்வைப் பிறகு யாராவது புதுப்பிக்கும்போது பயன்படுவது. முந்தைய பதிப்பின் ஆய்வுகளுக்கு அதில் தனிக் கட்டம் இருக்கும். உங்களுடையது இன்னும் வெளிவரவில்லை என்றால் இரண்டு தேடல்களின் எண்களையும் அதே கட்டங்களில் கூட்டிப் போடுங்கள். இரண்டாவது தேடலில் மறுபடி வந்த பழைய பதிவுகள் `D` கணக்கில் சேரும். 6ஆம் இனத்தில் இரண்டு தேதிகளும் வரும்.